மூணு வட்டியை அடைப்பதா, எஸ்.ஐ.பி. போடுவதா? முதல் சம்பளம் வாங்கிய தம்பிக்கு ஒரு கடிதம்

"சார், வேலையில் சேர்ந்து மூணு மாசம் ஆச்சு. கையில 28,000 வருது. எல்லாச் செலவும் போக 12,000 மிஞ்சுது. என் கடைசி வருஷ ஃபீஸுக்காக அப்பா மன்னார்குடியில ஒருத்தர்கிட்ட 1,50,000 கடன் வாங்கியிருக்கார். இந்தப் பணத்தை என்ன பண்ணலாம்?"

அன்புள்ள தம்பி,

கடனை அடை. முழுதாக அடைந்த பிறகு முதலீடு.

நீ எழுதியிருந்த மற்ற கேள்விகளையும் உன் வார்த்தையிலேயே வைத்து, ஒவ்வொன்றுக்கும் கீழே பதில் எழுதியிருக்கிறேன். வருஷா வருஷம் நம் பக்கத்துப் பிள்ளைகள் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் வேலைக்குப் போனதும் என்னிடம் கேட்பவைதான் இவை. வங்கியில் 30 வருஷத்துக்கு மேல் கடன் மேசையில் உட்கார்ந்தவன் என்பதால் கேட்கிறார்கள். ஆனால் இதை நான் கற்றுக்கொண்டது வங்கியில் இல்லை, எங்கள் வீட்டில். அதையும் சொல்கிறேன்.

"ஆபீஸ்ல எல்லாரும் மாசா மாசம் மியூச்சுவல் ஃபண்டுல எஸ்.ஐ.பி. போடுறாங்க, 12 சதவீதம் வருமாம். அப்பா கடன் மூணு வட்டிதானே? 12 பெருசா, 3 பெருசா?"

36 பெரிது.

தப்பு உன்னுடையது இல்லை. நம் ஊரில் வட்டி பேசும் பாஷையே வேறு. 'மூணு வட்டி' என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய். 'மூணு பைசா வட்டி' என்று சொல்பவர்களும் உண்டு, அதுவும் இதேதான். ரூபாய்க்கு மாதம் மூன்று பைசா. பன்னிரண்டு மாதத்துக்குப் பெருக்கினால் நூற்றுக்கு 36. வங்கியும் மியூச்சுவல் ஃபண்டும் பேசுவது வருஷக் கணக்கு. மாதக் கணக்கையும் வருஷக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 12 பெரிதாகத்தான் தெரியும். பட்டம் வாங்கிய பிள்ளைகளில் பலரும் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள். எண் சின்னதாக இருப்பதால் அவசரம் இல்லாத கடன் என்று நினைத்துவிடுகிறார்கள்.

இன்னொன்றையும் அப்பாவிடம் கேள். பணம் வாங்கிய அன்றே முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டுதானே கொடுத்திருப்பார்? அப்படியென்றால் கைக்கு வந்தது 1,45,500. கடனுக்கு எழுதிக் கொடுத்த புரோநோட்டில் இருப்பது 1,50,000. வாங்காத 4,500 ரூபாய்க்கும் சேர்த்து மாதாமாதம் வட்டி போகிறது.

அந்த 36 சதவீதத்துக்கு இன்னொரு குணம் இருக்கிறது. அது நிச்சயம். பங்குச் சந்தை ஏறினாலும் இறங்கினாலும், மேட்டூர் திறந்தாலும் திறக்காவிட்டாலும், மாதம் பிறந்தால் 4,500 போகும். நீ சொல்லும் 12 சதவீதம் அப்படி இல்லை. நீண்ட காலத்தில் வரலாம் என்று எதிர்பார்க்கும் ஒரு சராசரி, அவ்வளவுதான். 2020 பிப்ரவரி, மார்ச்சில் சில வாரங்களுக்குள் பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டி மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சரிந்தது. அந்த வருஷக் கடைசியில் மீண்டு வந்தது என்பதும் உண்மை. காத்திருக்க முடிந்தவனுக்கு அது நல்லது. ஆனால் நடுவில் மூணு வட்டிக்காரர் காத்திருக்க மாட்டார். 36 சதவீதக் கடனில் ஒரு ரூபாயை அடைத்தால், அந்த ரூபாய் உனக்கு வருஷத்துக்கு 36 பைசாவை மிச்சம் பிடிக்கிறது. வரியும் இல்லை, ஏற்ற இறக்கமும் இல்லை. அப்படித் தரும் முதலீட்டை யாரும் உனக்கு விற்க முடியாது.

"மாசா மாசம் வட்டியைச் சரியா கட்டிட்டு, மீதி 7,500-ஐ எஸ்.ஐ.பி.யில போட்டா ரெண்டும் நடக்குமே?"

உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்.

முதல் வழி, 12,000 முழுவதையும் கடனுக்குக் கொடுக்கிறாய். முதல் மாதம் வட்டிக்கு 4,500 போக, 7,500 அசலில் கழிகிறது. பாக்கி 1,42,500. இரண்டாம் மாதம் வட்டி 4,275 ஆகிவிடும். அதனால் அசலில் 7,725 கழியும். இப்படி வட்டி தேயத் தேய அசல் வேகமாகக் கரையும். ஆறாம் மாதக் கடைசியில் பாக்கி ஏறக்குறைய 1,01,500. பன்னிரண்டாம் மாதத்தில் 43,500 சொச்சம். பதினாறாம் மாதம் 10,823 கொடுத்தால் கடன் தீர்ந்தது. மொத்தமாக நீ கொடுத்த வட்டி சுமார் 40,800.

இரண்டாவது, நீ சொல்லும் வழி. 16 மாதத்தில் வட்டி மட்டும் 72,000 போயிருக்கும். ஃபண்டில் நீ போட்டது 1,20,000. ஒரு மாதம்கூட சறுக்காமல் அந்த 12 சதவீதம் வந்தது என்றே வைத்துக்கொண்டாலும், அது சுமார் 1,29,400 ஆகியிருக்கும். லாபம் 9,400. ஆனால் கடன் 1,50,000 அப்படியே நிற்கிறது. ஃபண்டை முழுதும் விற்றுக் கொடுத்தாலும் இன்னும் 20,000-க்கு மேல் பாக்கி. முதல் வழியில் போனவனுக்கு அதே நாளில் கடனே இல்லை.

இந்த இரண்டாவது வழி ஏன் மனசுக்கு நன்றாக இருக்கிறது என்று எனக்குத் தெரியும். 1986-ல் எனக்கு வேலை கிடைத்தபோது அப்பாவுக்கு 6,000 ரூபாய் கடன் இருந்தது, இதே மூணு வட்டி. நான் மாதம் 180 ரூபாய் வட்டிக்கு ஊருக்கு அனுப்பிவிட்டு, 200 ரூபாய்க்கு ஆர்.டி. போட்டேன். பாஸ்புக்கில் ஒவ்வொரு மாதமும் ஒரு வரி கூடும்போது அவ்வளவு பெருமை. மூன்று வருஷம் கழித்து தை மாதம் ஊருக்குப் போனேன். அப்பா கூடத்தில் தொங்கிய தினசரிக் காலண்டரின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். கொடுத்த வட்டியை எல்லாம் பென்சிலால் வரிசையாக எழுதி வைத்திருந்தார். கூட்டினால் 6,480. வாங்கிய கடனைவிட அதிகம் கொடுத்தாகிவிட்டது, அசலில் ஒரு பைசா குறையவில்லை. அன்றைக்கே ஆர்.டி.யை எடுத்துக் கடனை அடைத்தேன். வங்கியில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் வட்டிக் கணக்குப் போட்ட எனக்கு, சொந்த வீட்டுக் கணக்கு மூன்று வருஷமாகக் கண்ணில் படவில்லை. பாஸ்புக் என் கையில் இருந்தது, காலண்டர் அப்பாவிடம் இருந்தது. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதியிருந்தால் முதல் மாதமே தெரிந்திருக்கும்.

அதனால் நீயும் இதை உடனே செய். உன் மொபைலில் ஒரே குறிப்பில் இரண்டையும் எழுது, இந்த மாதம் வட்டிக்குப் போனது எவ்வளவு, அசல் எவ்வளவு என்று.

"சின்ன வயசுலயே ஆரம்பிச்சாதான் கூட்டு வட்டி வேலை செய்யும்னு சொல்றாங்களே, 16 மாசம் வீணாகாதா?"

கூட்டு வட்டி கடன் பக்கமும் வேலை செய்யும். கடனில் வட்டி பாக்கி நின்றால் என்ன நடக்கும் தெரியுமா? புரோநோட்டுக்கு மூன்று வருஷம்தான் கெடு. அதற்குள் வழக்குப் போடாவிட்டால் காலாவதி ஆகிவிடும் என்பதால், கொடுத்தவர் புது நோட்டு எழுதி வாங்குவார். பழைய அசலும் பாக்கி வட்டியும் சேர்ந்து புது நோட்டில் அசல் ஆகிவிடும். மூன்று வருஷம் உங்கள் வீட்டில் வட்டியே கட்டவில்லை என்றால், 1,50,000 நோட்டு 3,12,000 நோட்டாகத் திரும்பி வரும். அதற்கு மேல் மறுபடியும் மூணு வட்டி.

16 மாதம் வீணாகுமா என்பதற்கும் கணக்கு இருக்கிறது. கடன் தீர்ந்தவன் பதினேழாம் மாதத்திலிருந்து 12,000 முழுதாக ஃபண்டில் போடுவான். அடுத்த ஒரு வருஷத்தில், அதே 12 சதவீதக் கணக்கில், சுமார் 1,52,000 அவன் கையில் இருக்கும், கடன் இல்லை. இரண்டும் செய்தவனிடம் ஃபண்டில் 2,41,000 இருக்கும், கடன் 1,50,000 இருக்கும். கழித்தால் 91,000. முன்னால் தொடங்கியவன் 61,000 ரூபாய் பின்னால் நிற்கிறான்.

பி.எஃப். பிடித்தம் மட்டும் அப்படியே போகட்டும். அது சம்பளத்தோடு போவது, உன் பங்குக்கு ஈடாக நிறுவனமும் போடுகிறது. அதைக் குறைக்க வழி தேடாதே.

"கடன் கொடுத்தவர் அசலைப் பிச்சுப் பிச்சு வாங்க மாட்டேன்கிறார். மொத்தமா கொடுன்னு சொல்றார்."

சொல்லத்தான் சொல்வார். மாதம் 4,500 தவறாமல் வரும் இடத்தை யார் சின்னதாக்கிக்கொள்வார்கள்? இதுதான் உன் கணக்கில் உண்மையான சிக்கல். மேலே நான் போட்ட கணக்கு அவர் மாதாமாதம் அசல் வாங்கிக்கொண்டால்தான் அப்படியே பொருந்தும்.

அப்பாவைப் பேசச் சொல், நீயும் கூடப் போ. 'மாதாமாதம் வேண்டாம், நான்கு மாதத்துக்கு ஒருமுறை 25,000 அசலில் கொடுக்கிறோம், அன்றிலிருந்து மீதிக்கு மட்டும் வட்டி' என்று கேளுங்கள். முழுத்தொகையில் ஆறில் ஒரு பங்கு ஒரே தடவையில் வருகிறது என்றால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். நடுவில் சேரும் பணத்தை வங்கிச் சேமிப்புக் கணக்கிலேயே வை. நான்கு மாதத்துக்குள் எடுக்க வேண்டிய பணம் ஃபண்டில் இருக்கக் கூடாது.

சம்பா அறுவடை முடிந்து கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பணம் அப்பாவின் கணக்கில் ஏறும் மாதம் ஒன்று வரும். அந்தப் பணத்தில் அடுத்த சாகுபடிக்கு வேண்டியதை ஒதுக்கிவிட்டு, ஒரு தொகையை அசலில் போடச் சொல். குறுவை நடவுக்கு அவர் மறுபடி வட்டிக்கு வாங்க நேர்ந்தால் நீ சென்னையில் மிச்சம் பிடித்ததெல்லாம் இங்கே கரைந்துவிடும். அதனால் சாகுபடிப் பணத்தில் கை வைக்க வேண்டாம்.

அசல் கொடுக்கும் ஒவ்வொரு தடவையும் புரோநோட்டின் பின்பக்கத்தில் 'அசலில் வரவு ரூ. 25,000' என்று தேதி போட்டு எழுத வேண்டும். எழுதும்போது பார். வெறும் 'வரவு' என்று மட்டும் எழுதினால், பிறகு அது வட்டிக்கு வந்தது என்று சொல்லிவிட முடியும். 'அசலில்' என்ற ஒரு சொல்லில்தான் உன் 25,000 இருக்கிறது. முடிந்தால் யுபிஐயிலோ வங்கி வழியாகவோ அனுப்பு, பதிவு தானாக நிற்கும்.

"அம்மாவோட நகையை பேங்க்ல வச்சு இதை அடைச்சிடலாமா?"

எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் நல்ல வழியாகத் தெரிகிறது. ஆனால் கேட்கும் முறை ஒன்று இருக்கிறது. நகை அம்மாவுடையது. எவ்வளவு காலம், எப்படி மீட்பாய் என்று தாளில் எழுதிக் காட்டிவிட்டு அவரிடம் கேள்.

வங்கி நகைக்கடன் வட்டி வங்கிக்கு வங்கி மாறும். வருஷத்துக்கு 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். நம் ஊர் பாஷையில் சொன்னால் அது ஒரு வட்டிகூட இல்லை, முக்கால் வட்டிக்குக் கொஞ்சம் மேல். 1,50,000 நகைக்கடன் வாங்கி மூணு வட்டியை ஒரே நாளில் முடித்துவிட்டால், முதல் மாத வட்டி 4,500-லிருந்து 1,250-க்கு இறங்கிவிடும். அதே 12,000-ஐ மாதாமாதம் நகைக்கடனில் கட்டினால் பதினான்காம் மாதம் கடன் முடியும். மொத்த வட்டி சுமார் 9,000. முன்னால் போட்ட கணக்கில் அது 40,800. மாதம் நீ கட்டுவது அதே 12,000 தான், வித்தியாசம் 31,000-க்கு மேல். 'மொத்தமா கொடு' என்று சொன்னவரின் பிரச்சினையும் இதோடு தீர்ந்துவிடும்.

இதில் எங்கே கெடும் என்பதையும் பார்த்துவிடு. நகைக்கடன் பெரும்பாலும் ஒரு வருஷக் கெடு. நீ ஒழுங்காகக் கட்டி வந்தால் பன்னிரண்டாம் மாதம் சுமார் 15,000 மட்டும் நிற்கும். அதை அன்றைக்கே கட்டி மீட்கப் பார். பலர் செய்வது வேறு. வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைப்பார்கள், அடுத்த வருஷமும் அப்படியே. நான் வேலை பார்த்த கிளை ஒன்றில் ஒரு காசு மாலை ஏழு வருஷம் பெட்டகத்தில் இருந்தது. பெண்ணின் கல்யாணத்துக்கு அந்த அம்மா மீட்க வந்தபோது பணம் பத்தவில்லை, வெறுங்கையோடு திரும்பிப் போனார். கட்டாமலே விட்டால் நோட்டீஸ், அப்புறம் ஏலம். கடன் வாங்கும்போதே மேலாளரிடம் இரண்டு விஷயம் கேட்டுக்கொள். மாதாமாதம் அசலில் கட்டலாமா, கட்டினால் வட்டி குறைந்த தொகைக்குத்தானே கணக்கிடுவீர்கள் என்று.

நகை முழுத்தொகைக்குப் போதாவிட்டாலும் பரவாயில்லை. 80,000 கிடைத்தால் 80,000 அளவுக்கு மூணு வட்டி குறையட்டும்.

"நகை வேண்டாம்னா, லோன் ஆப்ல எடுத்து அடைக்கலாமா?"

வேண்டாம். கட்டணம், ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்த்தால் பல ஆப்களில் மூணு வட்டிக்குக் குறையாது. வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ இப்படிக் கடன் வாங்கினால் 'கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்' என்ற தாளைக் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதில் APR என்று ஒரு சதவீதம் இருக்கும், கட்டணமெல்லாம் சேர்ந்த வருஷ வட்டி அது. உன் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியில் பர்சனல் லோன் கேட்டுப் பார்த்து, அந்த எண் 36-க்கு வெகு கீழே, 14, 16 என்று இருந்தால் மாற்றுவதில் நியாயம் இருக்கிறது.

கிரெடிட் கார்டும் இதே ரகம்தான். மினிமம் மட்டும் கட்டினால் மாதம் மூன்றரை வட்டி அளவுக்குப் போகும், அந்த வட்டிக்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி.

"கல்விக் கடனும் இருக்கு சார். அதையும் முதல்ல முடிச்சிட்டுத்தான் முதலீடா?"

இல்லை. எல்லாக் கடனையும் ஒரே தராசில் வைக்காதே. கல்விக் கடன் வருஷத்துக்கு 9, 10 சதவீதத்தில் ஓடுகிறது என்றால் அதன் தவணையை ஒரு நாள் பிந்தாமல் கட்டு, போதும். நான் இப்போது சொல்லும் கணக்கு 36 சதவீதத்துக்கான கணக்கு. கடன் வட்டியும் முதலீட்டில் எதிர்பார்க்கும் லாபமும் கிட்டக் கிட்ட வந்துவிட்டால் இவ்வளவு அழுத்தமாகச் சொல்ல முடியாது. அங்கே இரண்டையும் சேர்த்துச் செய்யலாம். என் சொந்தக் கோடு, வருஷத்துக்கு 12 சதவீதத்துக்கு மேல் ஓடும் கடன் எதுவாக இருந்தாலும் முதலீட்டுக்கு முன்னால் அது முடிய வேண்டும். நகைக்கடன் அந்தக் கோட்டுக்குக் கீழே வந்தாலும், அதை முடித்துவிட்டே நீ தொடங்க வேண்டும் என்பது என் விருப்பம். அது அம்மாவின் கழுத்துச் சங்கிலி என்பதால் சொல்கிறேன்.

தவணை எப்போது தொடங்குகிறது என்று வங்கியில் கேட்டுக்கொள். தவணை தொடங்காத மாதங்களுக்கும் வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும். தவணை தொடங்கியதும் 12,000-ல் அது முதலில் போகும், அதற்கேற்ப கடன் முடிய சில மாதம் கூடும்.

"கையில ஒண்ணும் வச்சுக்காம அத்தனையையும் கடனுக்கே கொடுத்திடலாமா?"

முதல் இரண்டு மாதம் மட்டும், 12,000-ல் வட்டி 4,500 போக மீதியைச் சேமிப்புக் கணக்கில் தனியாக வை. 15,000 ஆகும். அது தொடாத பணம். உனக்குக் காய்ச்சல் வந்து மருத்துவமனைக்குப் போனாலோ, அப்பாவுக்கு மோட்டார் காயில் எரிந்தாலோ, அந்த அவசரத்துக்கு மறுபடியும் அதே வீட்டுத் திண்ணையில் போய் உட்காரக் கூடாது. இதனால் கடன் இரண்டு மாதம் போல் தள்ளும், சில ஆயிரம் வட்டி கூடும். அதைக் கொடுக்கலாம்.

"கடைசியா அடைக்கிற அன்னிக்கு என்ன பார்க்கணும்?"

முந்தின நாளே போன் செய்து, நாளைக்கு எவ்வளவு கொடுத்தால் முடியும் என்று ஒரே எண்ணாகக் கேட்டு வாங்கிவிடு. நீயும் அப்பாவும் சேர்ந்து போங்கள், வெளி ஆள் ஒருவர் கூட இருப்பது நல்லது. பணத்தை எடுத்து வைக்கும் முன் நோட்டை எடுத்து வரச் சொல். ஜெராக்ஸ் இல்லை, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன் மேல் அப்பா கையெழுத்துப் போட்ட அசல் நோட்டு. தொகை எழுதாத நோட்டிலோ, வெற்றுச் செக்கிலோ அப்பா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாரா என்று இப்போதே கேட்டு வை. கொடுத்திருந்தால் அவையும் அன்றைக்கே கைக்கு வர வேண்டும். நோட்டின் மேல் 'பைசல்' என்று எழுதி, தேதி போட்டு, அவர் கையெழுத்து வாங்கு. 'நோட்டு வேறு ஊரில் இருக்கிறது, அப்புறம் தருகிறேன்' என்றால் பணத்தை எடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிடு, நோட்டு வந்ததும் போகலாம். கிழித்துப் போடாதே, பீரோவில் வை.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு ஒரு போன் செய். எந்த ஃபண்டு, எவ்வளவு என்று அடுத்த மாதச் சம்பளம் வருவதற்குள் உட்கார்ந்து பேசுவோம்.

அன்புடன்,
உன் சார்